தவறான கணக்குக்குப் போன பணம்: வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதத்தைச் செம்மைப்படுத்துவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர், 2025 ஜூன் 12 அன்று இரவு கடையைச் சாத்திவிட்டு, பண்ருட்டியில் தமக்கு முந்திரிப் பருப்பு அனுப்பும் வியாபாரிக்குக் கைபேசிச் செயலி வழியாக நெஃப்ட் முறையில் 46,500 ரூபாய் அனுப்பினார். 4731 என்று முடிய வேண்டிய கணக்கு எண் 4371 என்று பதிவாகிவிட்டது. மறுநாள் காலையில் வியாபாரி பணம் வரவில்லை என்று சொன்ன பிறகுதான் அவருக்குத் தவறு தெரிந்தது. வங்கியின் முன்மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்து இத்தகைய கடிதங்களை வாங்கியவன் என்பதால், அவர் தம் வரைவை என்னிடம் கொண்டுவந்தார். கீழே உள்ளவை அவரும், அவருக்குப் பின் வந்த சிலரும் கேட்டவை.

நான் எழுதிய கடிதம் இது. இதில் என்ன குறை?

அவருடைய வரைவை அவர் எழுதியபடியே தருகிறேன்:

"மதிப்பிற்குரிய மேலாளர் ஐயா அவர்களுக்கு, நான் உங்கள் வங்கியில் பன்னிரண்டு வருடமாகக் கணக்கு வைத்திருக்கிறேன். நேற்று இரவு நான் அனுப்பிய பணம் வேறு யாருக்கோ போய்விட்டது. நான் சிறு வியாபாரி, கடன் வாங்கித் தொழில் செய்கிறேன். என் பணத்தை யாரோ மோசடி செய்துவிட்டார்கள். உடனே அந்தக் கணக்கிலிருந்து என் பணத்தை எடுத்து என் கணக்கில் போடும்படி மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்."

இதைப் படிக்கும் மேலாளருக்கு இரக்கம் வரலாம். ஆனால் எந்தப் பரிவர்த்தனையைத் தேடுவது என்று தெரியாது. தொகை இல்லை, அனுப்பிய முறை இல்லை, பரிவர்த்தனை எண் இல்லை, பணம் எந்தக் கணக்குக்குப் போனது என்பதும், எந்தக் கணக்குக்குப் போயிருக்க வேண்டும் என்பதும் இல்லை. "நேற்று இரவு" என்பது கடிதம் மேசையில் இரண்டு நாள் கிடந்தால் பொருளிழந்துவிடும். இவற்றைவிடப் பெரிய குறைகள் இரண்டு உண்டு. வங்கியால் செய்ய முடியாத ஒன்றை இக்கடிதம் கேட்கிறது. தம் கையால் நேர்ந்த எண் பிழையை மோசடி என்று சொல்கிறது. தாழ்மையும் மிரட்டலும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கலக்கத்தில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வியாபாரியின் பெயரைச் சரியாகத்தானே போட்டேன்? பெயரும் எண்ணும் பொருந்தவில்லை என்று வங்கியே நிறுத்தியிருக்க வேண்டாமா?

இந்த வாதத்தைக் கடிதத்தில் எழுதாமல் இருப்பது நல்லது, ஏனெனில் அது நிற்காது. மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்றும், எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு பணம் அனுப்புபவருடையது என்றும் ரிசர்வ் வங்கி 2010 அக்டோபரிலேயே சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது. இந்தக் குறையை ஓரளவு போக்குவதற்காக, நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் எண்ணைப் பதிந்ததும் அந்தக் கணக்குக்குரியவரின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு அது அறிவுறுத்தியது. நம் கடைக்காரர் அந்தப் பெயரைப் பார்க்காமலேயே கடந்துவிட்டார். பார்த்தீர்களா என்று மேலாளர் நேரில் கேட்டால் இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கடிதத்தில் அதற்காகத் தனியே ஒரு பத்தி எழுதி மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவையில்லை. "எண்ணைப் பதியும்போது நடு இரு இலக்கங்களை இடம் மாற்றிவிட்டேன்" என்ற ஒரு வாக்கியம் போதும்.

அந்த ஒரு வாக்கியத்துக்குக் கடிதத்தில் முதன்மையான இடம் உண்டு. 4731-உம் 4371-உம் அருகருகே நிற்கும்போது, இது கைத்தவறு என்பதைப் பார்த்த மாத்திரத்தில் எவரும் ஒப்புக்கொள்வார்கள். பணம் பெற்ற கணக்கு இருக்கும் வங்கியின் அலுவலர், தம் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசும்போது எடுத்துச் சொல்லப் போவதும் இதைத்தான். கொடுக்கல் வாங்கல் தகராறில் ஒருவர் அனுப்பிவிட்டுப் பிறகு மனம் மாறித் திரும்பக் கேட்கும் நிகழ்வுகளும் உண்டு என்பதால், அந்த அலுவலருக்கு எழக்கூடிய முதல் ஐயத்தை இது தீர்த்துவிடுகிறது.

பணம் தானாகத் திரும்பி வந்துவிடும் என்கிறார்களே, அதுவரை காத்திருக்கலாமா?

தவறாகப் பதிந்த எண்ணில் கணக்கே இல்லாவிட்டாலோ, அது மூடப்பட்டிருந்தாலோ பணம் திரும்பும். நெஃப்ட் முறையில் அரை மணிக்கு ஒரு தொகுதியாகப் பணம் தீர்வாகிறது. வரவு வைக்க முடியாத பணத்தைப் பெறும் வங்கி அந்தத் தொகுதி முடிந்து 2 மணி நேரத்துக்குள் திருப்ப வேண்டும். ஆகவே இரவில் அனுப்பியது காலை வரை திரும்பவில்லை என்றால், அந்த எண்ணில் உயிருள்ள கணக்கு ஒன்று இருக்கிறது, பணம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அதற்கு மேலும் காத்திருப்பது அந்தப் பணம் செலவாக இடம் கொடுப்பதாகும். கடிதத்தை எழுதும் முன் கணக்கறிக்கையை ஒருமுறை பார்த்து, "இன்று காலை 10 மணி வரை பணம் திரும்ப வரவில்லை" என்று எழுதிவிட்டால், மேலாளர் கேட்கும் முதல் கேள்விக்கு விடை கடிதத்திலேயே இருக்கும்.

யூடிஆர் எண் என்கிறார்கள். அது எது, எங்கே கிடைக்கும்?

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய தனி அடையாள எண் அது. நெஃப்ட் என்றால் எழுத்தும் இலக்கமும் கலந்து 16 இடங்கள்; ஆர்டிஜிஎஸ் என்றால் 22 இடங்கள். ஐஎம்பிஎஸ், யூபிஐ ஆகியவற்றில் 12 இலக்கம் கொண்ட குறிப்பு எண் இருக்கும். செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் விவரங்களுக்குள் வரும். கணக்கறிக்கையில் பற்று வைத்த வரியின் விளக்கத்திலும் இருக்கும். கையால் பார்த்து எழுதும்போது பூஜ்ஜியத்துக்கும் 'ஓ' எழுத்துக்கும் குழப்பம் வருவதுண்டு. ஏற்கெனவே ஓர் எண் பிழையால் வந்த கடிதத்தில் இன்னோர் எண் பிழை வேண்டாம். படித்துக் காட்டச் சொல்லி, இரண்டாமவர் ஒருவரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யூபிஐ வழியாகப் போன பணமாக இருந்தால், கடிதத்தோடு நில்லாமல், அந்தச் செயலியிலேயே குறிப்பிட்ட பரிவர்த்தனையின் மீது புகார் பதிந்து, புகார் எண்ணையும் கடிதத்தில் குறிப்பிட வேண்டும்.

"உடனே எடுத்துப் போடுங்கள்" என்று கேட்கக்கூடாது என்றால், வேறு என்னதான் கேட்பது?

ஒருவரின் கணக்கில் வரவாகிவிட்ட பணத்தை, அவருடைய ஒப்புதல் இல்லாமல், உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து வங்கி எடுத்துவிட முடியாது. நாளை உங்கள் கணக்கில் வரும் பணத்தைப் பற்றி வேறொருவர் அப்படிக் கடிதம் கொடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் கட்டுப்பாட்டின் நியாயம் புரியும். உங்கள் வங்கி செய்யக்கூடியது, பணம் போன வங்கிக்கு எழுத்து மூலம் தகவல் அனுப்புவது. அந்த வங்கி தன் வாடிக்கையாளரைத் தொடர்புகொண்டு, தவறாக வந்த தொகையைத் திருப்பிவிட ஒப்புதல் கடிதம் கேட்கும். அவர் ஒப்பினால் பணம் வந்த வழியே உங்கள் கணக்குக்குத் திரும்பும்.

ஆகவே கடிதத்தின் வேண்டுகோளும் இந்த வழியிலேயே படிப்படியாகச் செல்ல வேண்டும்: அந்த வங்கிக்கு இன்றே எழுதுங்கள், விதிகள் இடம் தருமானால், ஒப்புதல் வரும்வரை அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி வைக்கக் கேளுங்கள், வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெறச் சொல்லுங்கள், என்ன பதில் வந்தாலும் எனக்கு எழுத்தில் தாருங்கள். கடைசி வேண்டுகோளைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் விவகாரம் பின்னால் மேலே போகுமானால், கையில் இருக்க வேண்டியது அந்த எழுத்துப் பதில்தான்.

திருத்திய கடிதத்தை முழுமையாகக் காட்டுங்கள்.

இந்தப் பக்கம் பொதுவில் இருப்பதால் கணக்கு எண்களின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் தந்திருக்கிறேன். கடிதத்தில் எண்களை முழுமையாகவே எழுத வேண்டும்.

கடலூர், 13.06.2025

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை), கடலூர்.

பொருள்: 12.06.2025 அன்று நெஃப்ட் மூலம் அனுப்பிய ரூ. 46,500 எண் பிழையால் வேறு கணக்குக்குச் சென்றது – மீட்டுத்தர உதவி கோருதல் – யூடிஆர் எண் (முழு எண்).

ஐயா,

தங்கள் கிளையில் ...2086 என முடியும் நடப்புக் கணக்கை நான் வைத்திருக்கிறேன். 12.06.2025 இரவு 9.40 மணியளவில், கைபேசிச் செயலி வழியாக, பண்ருட்டியிலுள்ள முந்திரி வியாபாரி ஒருவருக்குச் சரக்குக்கான தொகையாக ரூ. 46,500 அனுப்பினேன். அவருடைய கணக்கு எண் ...4731. அதைப் பதியும்போது நடு இரு இலக்கங்களை நான் இடம் மாற்றிவிட்டதால், பணம் அதே வங்கியில் ...4371 என முடியும் கணக்குக்குச் சென்றுவிட்டது. நான் பயன்படுத்திய ஐஎஃப்எஸ்சி குறியீடு (முழுக் குறியீடு). இன்று காலை 10 மணி வரை பணம் திரும்ப வரவில்லை. ...4371 கணக்குக்கு உரியவருடன் எனக்கு எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

இத்தவறு என்னுடையது. எனினும் பணத்தை மீட்கத் தங்கள் உதவியின்றி எனக்கு வேறு வழியில்லாததால், பணம் சென்ற வங்கிக்கு இன்றே எழுத்து மூலம் தெரிவித்து, அக்கணக்குக்கு உரியவரின் ஒப்புதலைப் பெற்று இத்தொகையை என் கணக்குக்குத் திருப்பி அனுப்பக் கோருமாறும், விதிகள் இடம் தருமானால் அதுவரை இத்தொகையை மட்டும் நிறுத்தி வைக்கக் கேட்குமாறும் வேண்டுகிறேன். தாங்கள் அனுப்பும் தகவலின் தேதியையும், அவ்வங்கி தரும் பதிலையும் எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். இதற்கென உறுதிமொழிப் படிவம் எதுவும் தேவையெனில் கையொப்பமிட்டுத் தர ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு, (கையொப்பம், பெயர், முகவரி, வங்கியில் பதிந்த கைபேசி எண்)

இணைப்பு: பரிவர்த்தனை ரசீது, கணக்கறிக்கையின் உரிய பக்கம், வியாபாரியின் பாஸ்புக் முதல் பக்க நகல், சரக்கு பில், என் அடையாள அட்டை நகல்.

இணைப்புகளில் எடை கூடியது வியாபாரியின் பாஸ்புக் பக்கம். நீங்கள் அனுப்ப நினைத்த எண் இதுதான் என்பதற்கு உங்கள் சொல்லைத் தவிர வேறு சான்று அதுதான். பன்னிரண்டு வருடப் பழக்கமும் கடன் கதையும் கடிதத்திலிருந்து போய்விட்டதற்குக் கடைக்காரர் சற்று வருந்தினார். நேரில் கொடுக்கும்போது அதைச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். மற்ற வங்கிக்கு அனுப்பப்படப் போகும் காகிதத்தில் அதற்கு வேலையில்லை. ரகசியக் குறியீடு, ஓடிபி, அட்டை எண் ஆகியவற்றை எந்தக் கடிதத்திலும் எழுதக்கூடாது. அவற்றை எந்த மேலாளரும் கேட்கமாட்டார்.

ஐஎஃப்எஸ்சி பண்ருட்டிக் கிளையைத்தானே காட்டுகிறது? நானே அந்தக் கிளைக்குப் போய்க் கேட்டுவிடலாமே?

பதினோரு எழுத்துள்ள அந்தக் குறியீட்டில் முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், கடைசி ஆறு கிளையையும் குறிக்கும். ஆனால் பணம் போய்ச் சேர்வது கணக்கு எண்ணைப் பொறுத்தது என்பதால், நீங்கள் தவறாகப் பதிந்த எண்ணுக்குரிய கணக்கு அதே வங்கியின் வேறொரு கிளையில் இருக்கவும் கூடும். பண்ருட்டிக்குப் போய், "இங்கே அப்படி ஒரு கணக்கு இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு. இதனால்தான் கடிதத்தில் "பண்ருட்டிக் கிளைக் கணக்குக்குச் சென்றது" என்று எழுதாமல், "அதே வங்கியில் ...4371 என முடியும் கணக்கு" என்று எழுதினோம்.

போனாலும் அந்தக் கணக்குக்கு உரியவரின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ தரமாட்டார்கள். தம் வாடிக்கையாளரின் விவரங்களைக் காப்பது வங்கியின் கடமை. கடிதத்தில் அதைக் கேட்டால், மறுப்பதற்கு எளிதான ஒரு வேண்டுகோளை நீங்களே முன்வைத்ததாகிவிடும்.

மோசடி என்று எழுதினால் வேகமாக நடக்கும், 1930-க்கும் அழைக்கலாம் என்று உறவினர் சொல்கிறார். செய்யலாமா?

வேண்டாம். 1930 என்பது ஏமாற்றிப் பணம் பறிக்கப்பட்டவர்களுக்கான உதவி எண். உங்கள் விரல் தவறியதற்கு எதிரில் இருப்பவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. பணம் வந்ததே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். அவருடைய கணக்கு முடக்கப்பட்டு, அவர் காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் அலையும்படி ஆனால், கேட்டவுடன் திருப்பித் தந்திருக்கக்கூடியவரும் பிடிவாதமாகிவிடுவார். மேலும், வங்கிக்குக் கொடுத்த கடிதத்தில் எண் பிழை என்றும் புகாரில் மோசடி என்றும் இருந்தால், இரண்டில் எதை நம்புவது என்ற கேள்வி உங்களையே திருப்பித் தாக்கும்.

நான் செயலியில் அனுப்பவில்லை. கிளையில் படிவம் எழுதிக் கொடுத்தேன். படிவத்தில் எண் சரி. கவுன்டரில் தவறாகப் பதிந்துவிட்டார்கள். அப்போதும் இதே கடிதமா?

இல்லை, அடியோடு வேறு கடிதம். பிழை வங்கியுடையது என்றால் வேண்டுகோளும் மாறும்: எதிர்த் தரப்பின் ஒப்புதலுக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, உங்கள் தொகையை உங்கள் கணக்கில் சரிசெய்து தருவது வங்கியின் பொறுப்பு என்று எழுதலாம். "இத்தவறு என்னுடையது" என்ற வரியைத் தப்பித்தவறியும் அதில் சேர்த்துவிடக்கூடாது. முத்திரையிட்ட அடித்துண்டு உங்களிடம் இருக்கிறதா, அதில் கணக்கு எண் தெளிவாக உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். 7-ஐ 1 போல எழுதும் பழக்கம் உள்ளவர்கள், யாருடைய தவறு என்று முடிவுகட்டும் முன் தம் கையெழுத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

கடிதம் தமிழில் இருக்கலாமா?

கடலூரிலோ புதுச்சேரியிலோ உள்ள கிளைக்குத் தாராளமாகத் தமிழில் கொடுக்கலாம். பணம் வெளிமாநிலக் கணக்குக்குப் போயிருந்தால், எண்களும் வேண்டுகோளும் மட்டும் அடங்கிய ஆங்கிலப் பக்கம் ஒன்றைக் கூடவே இணைத்தால், மொழிபெயர்க்கும் வேலைக்காகக் கடிதம் காத்துக்கிடக்காது.

கடிதம் கொடுத்து இரண்டு வாரம் ஆகிறது. "அனுப்பிவிட்டோம்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்வதில்லை. அடுத்து என்ன எழுதுவது?

முதலில், கொடுத்த அன்றே உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை என்றால் அதே கடிதத்தைக் கிளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பி ஒரு பதிவை உண்டாக்கிக்கொள்ளுங்கள். நினைவூட்டுக் கடிதம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம்: முதல் கடிதத்தின் தேதி, யூடிஆர் எண், மற்ற வங்கிக்கு எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்ற கேள்வி, வந்த பதிலின் நகலுக்கான வேண்டுகோள். பழைய கதையைத் திரும்பச் சொல்லாமல் முதல் கடிதத்தின் நகலை இணைத்தால் போதும்.

புகாராகக் கொடுத்து 30 நாள்களில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே பார்க்கப்படுவது வங்கி தன் கடமையைச் செய்ததா, தாமதித்ததா என்பது. பணம் பெற்ற தனி மனிதரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் இடம் அது இல்லை.

அவர் தர முடியாது என்று சொல்லிவிட்டார் என வங்கி எழுத்தில் தந்துவிட்டது. இனி மேலாளருக்கு எழுதிப் பயன் உண்டா?

அந்த எழுத்துப் பதிலோடு மேலாளரின் எல்லை முடிகிறது. தவறுதலாகத் தமக்கு வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆம் பிரிவில் சொல்கிறது. அதன்படி வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பி, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம். தமதல்ல என்று தெரிந்தும் நேர்மையற்ற எண்ணத்தோடு வைத்துக்கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் புகார் தரவும் இடமுண்டு. முன்பு தவிர்த்த காவல் நிலையம் இப்போது பொருந்துவதற்குக் காரணம், அவர் கேட்டும் மறுத்தார் என்பதற்கு வங்கியின் கடிதம் சான்றாக இருப்பதுதான். பெயரும் முகவரியும் வேண்டுமென்றால், நீதிமன்றமோ காவல்துறையோ கேட்கும்போது வங்கி தரும்.

சில சமயம் அவர் மறுக்காமலேயே பணம் சிக்கிக்கொள்ளும். போய்ச் சேர்ந்தது கடன் கணக்காக இருந்து, நிலுவையில் கழிந்துவிட்டிருந்தால், அவர் ஒப்புதல் தந்தாலும் அந்த வங்கி தன் பங்குக்கு முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்போது உங்கள் மேலாளருக்கு இன்னொரு கடிதம் தேவை: வரவானது எவ்வகைக் கணக்கு என்பதை மட்டும், உரியவரின் பெயரின்றி, மற்ற வங்கியிடம் கேட்டுத் தெரிவிக்குமாறு வேண்டும் கடிதம்.

கடைக்காரருக்குப் பணம் வந்ததா?

பதினெட்டாம் நாள் வந்தது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு பயிரிடும் பெரியவர் ஒருவருடைய கணக்காம். அவர் கடைசியாகப் பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்ததால், கிளையிலிருந்து அழைப்பு வரும்வரை அவருக்கு எதுவும் தெரியாது. கணக்கறிக்கையில் வரவு வந்த அன்று கடைக்காரர் தம் கிளை மேலாளருக்கு, யூடிஆர் எண்ணைக் குறிப்பிட்டு, தொகை முழுவதும் கிடைத்துவிட்டது, கோரிக்கையை முடித்துக்கொள்ளலாம் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தார். அதற்கு வரைவு பார்க்க என்னிடம் வரவில்லை.